120 வோல்ட் தையல் இயந்திரம், 230 வோல்ட் நாடு: 110 தரும் டிரான்ஸ்பார்மரா, 100 தருவதா?

அமெரிக்காவிலோ கனடாவிலோ வாங்கிய தொழில்முறைத் தையல் இயந்திரத்தை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எத்தனை வாட் டிரான்ஸ்பார்மர் வாங்க வேண்டும்? அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அந்த டிரான்ஸ்பார்மர் எத்தனை வோல்ட் தர வேண்டும்? 110 என்று எழுதியிருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே கடைகளில் கிடைக்கும் பதில். மேசைக்கு அடியில் கனமான தூண்டல் மோட்டார் தொங்கும் இயந்திரத்துக்கு அந்தப் பதில் பொருந்தாது. 100 வோல்ட் தருவதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

முதலில் மோட்டாரின் வகையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு உபயோகத்துக்கான பழைய சிறிய தையல் இயந்திரங்களில் பெரும்பாலும் கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் இருக்கும். அதற்கு 50 ஹெர்ட்ஸும் 60 ஹெர்ட்ஸும் ஏறக்குறைய ஒன்றுதான். மின்னழுத்தம் சரியாக இருந்தால் போதும், 110 வோல்ட் டிரான்ஸ்பார்மரிலேயே நிம்மதியாக ஓடும். சூடேற்றும் கருவிகளுக்கும் அப்படியே. விவரத் தகட்டில் "100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் டிரான்ஸ்பார்மரே தேவையில்லை, பிளக்கை மாற்றினால் போதும். தொழில்முறை இயந்திரத்தின் கிளட்ச் மோட்டார், அதாவது எப்போதும் ஓடிக்கொண்டே இருந்து மிதியை அழுத்தும்போது மட்டும் இயந்திரத்தோடு இணையும் மோட்டார், இவற்றிலிருந்து வேறுபட்டது. அதன் தகட்டில் "115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 6.5 ஆம்பியர், 1725 சுற்று" என்பது போல இருக்கும். இந்தத் தகட்டையே கணக்குக்கு எடுத்துக்கொள்கிறேன். 1725 என்ற எண்ணைப் பார்த்தாலே அது நான்கு முனைத் தூண்டல் மோட்டார் என்று சொல்லிவிடலாம்.

டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. 50 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் 50 ஹெர்ட்ஸ்தான் வெளியே வரும். இதன் முதல் விளைவு வேகத்தில் தெரியும்: 1725 சுற்று ஓடிய மோட்டார் ஏறத்தாழ 1430 சுற்றுதான் ஓடும். இது தொந்தரவு, ஆனால் ஆபத்தில்லை. ஆபத்து மோட்டாரின் இரும்புக்குள் இருக்கிறது. அந்த இரும்பில் உருவாகும் காந்தப் பாயம், மின்னழுத்தத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் கிடைக்கும் விகிதத்தைப் பொறுத்தது. 115-ஐ 60-ஆல் வகுத்தால் 1.92. மோட்டாரை வடிவமைத்தவர் இந்த அளவுக்குத்தான் இரும்பை வைத்திருக்கிறார். அதே 115 வோல்ட்டை 50 ஹெர்ட்ஸில் கொடுத்தால் விகிதம் 2.3 ஆகிறது, அதாவது 20 சதவீதம் அதிகம். இரும்பு அவ்வளவு காந்தத்தைத் தாங்காமல் தெவிட்டிப்போகும். அதற்கு மேல் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் மின்னோட்டம் அளவுக்கு மீறி ஏறும். தைக்காமல் சும்மா ஓடும்போதே மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியரை நெருங்கிவிடலாம். உரத்த ரீங்காரம், கையை வைக்க முடியாத சூடு, சில நாட்களில் வார்னிஷ் கருகும் வாடை என்று அறிகுறிகள் வரிசையாக வரும்.

இப்போது இரண்டு டிரான்ஸ்பார்மர்களையும் இந்த விகிதத்தால் அளந்து பார்க்கலாம். 110 வோல்ட் தருவது 50 ஹெர்ட்ஸில் 2.2 கொடுக்கும், அது 15 சதவீதம் கூடுதல். பல பெட்டிகளில் "220/110" என்று எழுதியிருப்பது வெறும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதம்தான். சுவரில் 240 வோல்ட் வந்தால் அந்தப் பெட்டி 120 வோல்ட்டை வெளியே தள்ளும், விகிதம் 2.4 வரை போய்விடும். 100 வோல்ட் தரும் டிரான்ஸ்பார்மரோ சரியாக 2.0 கொடுக்கும். வடிவமைப்பை விட 4 சதவீதம்தான் கூடுதல். சுவரில் கொஞ்சம் ஏறினாலும் மோட்டார் பொறுத்துக்கொள்ளும். இத்தகைய மோட்டார்களுக்கு 10 சதவீத ஏற்றத்தாழ்வு அனுமதி வழக்கமாக உண்டு. அதன்படி 50 ஹெர்ட்ஸில் உச்ச வரம்பு ஏறத்தாழ 105 வோல்ட். 110 அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது, 100 உள்ளே நிற்கிறது. வோல்ட்டைக் குறைத்தால் மோட்டார் பலவீனமாகிவிடாதா என்று அஞ்ச வேண்டாம். காந்தப் பாயம் மாறாததால் முறுக்குவிசையும் ஏறக்குறைய மாறாது. வேகம் குறைந்த அளவுக்குத் திறன் குறையும், அவ்வளவுதான்.

100 வோல்ட் டிரான்ஸ்பார்மர் அபூர்வமான பொருளும் அல்ல. ஜப்பானின் மின்சாரம் 100 வோல்ட். அங்கே கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 ஹெர்ட்ஸ் என்று ஒரே நாட்டுக்குள் இரண்டு அதிர்வெண்கள் ஓடுகின்றன. ஜப்பானியக் கருவிகளுக்காகச் செய்யப்படும் 230/100 டிரான்ஸ்பார்மர்கள் பல நாடுகளில் கிடைக்கின்றன. 100, 110, 120 என்று பல டேப்கள், அதாவது வெளியீட்டு மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் இணைப்புகள், கொண்ட ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது: பிரஷ் மோட்டார் கருவியை 120-இலும் தையல் மோட்டாரை 100-இலும் பொருத்தலாம். ஆனால் இயந்திரத்தோடு 60 ஹெர்ட்ஸ் நாட்டிலிருந்தே டிரான்ஸ்பார்மரையும் வாங்கி வருகிறவர்கள் அதன் தகட்டைப் பார்க்கத் தவறக் கூடாது. 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால், மோட்டாருக்கு நேரும் அதே தெவிட்டல் அந்தப் பெட்டிக்கும் நேரும். 50/60 என்று இருக்க வேண்டும்.

அடுத்து, ஆட்டோ டிரான்ஸ்பார்மரா, உள்ளே இரண்டு தனிச்சுருள்கள் கொண்டதா? ஆட்டோ வகையில் ஒரே சுருளின் நடுவிலிருந்து மின்சாரம் எடுக்கப்படுகிறது. 230-ஐ 100 ஆக்கும்போது திறனில் ஏறத்தாழ 57 சதவீதம் மட்டுமே இரும்பின் வழியாக மாற்றப்படுகிறது. மீதி நேராகவே கடந்துபோகிறது. அதனால் எடையும் விலையும் குறைவு. குறை என்னவென்றால், பொதுச்சுருள் அறுந்தால் 230 வோல்ட் முழுவதும் மோட்டாருக்குப் போய்விடும். பிளக்கைத் திருப்பிச் செருகக்கூடிய நாடுகளில் மோட்டாரின் இரண்டு கம்பிகளுமே நிலத்தைப் பொறுத்து உயர்ந்த மின்னழுத்தத்தில் நிற்கவும் கூடும். தனிச்சுருள் வகையில் இந்தக் கவலைகள் இல்லை. ஆனால் எல்லோரும் கவனிக்காத ஒரு விஷயம்: வீட்டின் கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச், தனிச்சுருளுக்கு அப்பால் நடக்கும் கசிவை உணராது, ஆட்டோவுக்கு அப்பால் உள்ளதை உணரும். தையல் இயந்திரம் உலோக உடல் கொண்டது. கசிவு சுவிட்ச் உள்ள வீட்டில், எர்த் கம்பி சுவரிலிருந்து மோட்டார் வரை அறுபடாமல் போகும் மூன்று முள் பிளக் கொண்ட ஆட்டோ டிரான்ஸ்பார்மரை நான் தயங்காமல் தேர்வு செய்வேன். எர்த் துளையே இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

அளவைப் பற்றி இப்போது பேசலாம். 6.5 ஆம்பியரை 100 வோல்ட்டால் பெருக்கினால் 650 வோல்ட்-ஆம்பியர் வருகிறது. 750 போதும் என்று தோன்றும். போதாது. தூண்டல் மோட்டார் கிளம்பும் நொடியில் ஐந்து மடங்கு வரை, அதாவது 30 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். முழுச்சுமையில் 6 சதவீதம் சரியும் ஒரு 750 பெட்டி, அந்த நொடியில் கால் பங்குக்கு மேல் சரிந்து 75 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கிளம்பும் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்ததால் ஏறக்குறைய பாதியாகிவிடும். 2000 வோல்ட்-ஆம்பியர் பெட்டியில் சரிவு 10 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். 1500-க்குக் கீழே போகாதீர்கள். வளைய வடிவ டிரான்ஸ்பார்மர் இந்த அளவில் போடும் கணத்திலேயே வீட்டு பிரேக்கரைத் தட்டிவிடக்கூடும் என்பதால், அடுக்குத் தகட்டு இரும்பு கொண்ட பழைய பாணிப் பெட்டியே இங்கே வசதி.

சரிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணம், மோட்டாருக்குள் இருக்கும் மையவிலக்கு சுவிட்ச். அது உள்ள மோட்டார்களில், வேகம் ஓர் அளவைத் தொட்டதும் தொடக்கச் சுருளை அது துண்டிக்கும். 60 ஹெர்ட்ஸ் மோட்டாரில் அந்த அளவு ஏறத்தாழ 1350 சுற்று என்று வைத்துக்கொள்வோம். பழைய 1725-க்கு அது எளிது. இப்போது மோட்டாரின் முழு வேகமே 1430 என்பதால் இடைவெளி மிகச் சிறியது. மின்னழுத்தம் சரிந்தால் மோட்டார் அந்த வேகத்தை எட்டாமல், தொடக்கச் சுருள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்து சில நிமிடங்களில் கருகிவிடும். கண்டுபிடிப்பது எளிது: பழைய நாட்டில் மோட்டார் கிளம்பியதும் "டிக்" என்று ஒரு சத்தம் கேட்டிருக்கும். புதிய இடத்தில் இரண்டு மூன்று விநாடிகளுக்குள் அது கேட்கவில்லை என்றால் உடனே அணைத்துவிடுங்கள். கிளட்ச் மோட்டார் சுமையில்லாமல் கிளம்புவது இங்கே நமக்குச் சாதகம்; மிதியை அழுத்தியபடி போடாமல் இருந்தால் போதும்.

பயணப் பைக்குள் அடங்கும் "1600 வாட்" எலக்ட்ரானிக் கன்வெர்ட்டர் இந்தப் போட்டியிலேயே சேராது. அது அலையை வெட்டித்தான் சராசரியைக் குறைக்கிறது. உச்சம் 325 வோல்ட் வரை அப்படியே போகக்கூடும். எளிய சூடேற்றிகளுக்குச் சிறிது நேரம் பயன்படும், மோட்டாருக்குக் கூடாது. அதிர்வெண்ணையும் சேர்த்து மாற்றி 60 ஹெர்ட்ஸ் சைன் அலை தரும் கருவிகள் உண்டு. அவை வேலையைக் குறையில்லாமல் செய்யும், ஆனால் கிளம்பும் மின்னோட்டத்தைத் தாங்கும் அளவில் வாங்கினால் விலை தையல் இயந்திரத்தையே எட்டிவிடும்.

உண்மையான போட்டி வேறு பக்கத்திலிருந்து வருகிறது: மோட்டாரையே மாற்றிவிடுவது. தொழில்முறைத் தையல் மேசைகளில் மோட்டார் பொதுவாக மூன்று போல்ட்டுகளில் தொங்குகிறது. 230 வோல்ட் சர்வோ மோட்டாரை அதே இடத்தில் பொருத்திவிடலாம். வேகம் அதிலேயே திருகிக்கொள்ளும்படி வரும், சும்மா இருக்கும்போது சத்தமும் மின்செலவும் இல்லை. புதிய நாட்டிலேயே தங்கப் போகிறவருக்கு இதுவே சிறந்தது என்று நினைக்கிறேன். ஊசி விளக்கு பழைய மோட்டாரிலிருந்து மின்சாரம் எடுத்திருந்தால் அதற்குத் தனி வழி செய்ய வேண்டியிருக்கும். சில ஆண்டுகளில் திரும்பி 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்குப் போகிறவருக்கோ, 2000 வோல்ட்-ஆம்பியர், 230/100, எர்த் உள்ள ஆட்டோ டிரான்ஸ்பார்மர்தான் பொருத்தம். வேகக் குறைவு உறுத்தினால் மோட்டார் பக்கத்துப் புல்லியை 100 மில்லிமீட்டரிலிருந்து 120-க்கு மாற்றலாம். ஆனால் அதே தையலுக்கு மோட்டாரின் மேல் சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடும், தடித்த தோல் தைப்பவர்கள் அதைச் செய்யாமல் இருப்பது நல்லது.

எதைப் பொருத்தினாலும், முதல் நாளில் கிளாம்ப் மீட்டரால் மோட்டாரின் சும்மா ஓடும் மின்னோட்டத்தை அளந்து, அரை மணி நேரம் ஓடவிட்டு உடலைத் தொட்டுப் பாருங்கள். தகட்டில் 6.5 என்று இருக்கும்போது சும்மா ஓடுவதற்கே 6 ஆம்பியர் இழுத்தால், இன்னும் குறைந்த டேப்புக்கு இறங்க வேண்டும்.