கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு எடுப்பவர்கள் கவனத்திற்கு: என் 4,800 ரேண்ட் போச்சு

எழுதும்போதே கை நடுங்குகிறது, அவ்வளவு கோபம். டர்பனில் விசேஷங்களுக்குப் பாத்திரம், தட்டு, ஸ்பூன் எல்லாம் வாடகைக்கு விடும் கடை ஒன்று. பெயர் வேண்டாம். தங்கை கல்யாணத்துக்கு 400 பேர் சாப்பாடு. வாடகை தனி, முன்பணம் 4,800 ரேண்ட், பொருள் திரும்பியதும் தந்துவிடுவார்களாம்.

சாட்ஸ்வொர்த் மண்டபத்தில் சாமான் இறங்கியபோது பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன். கடைக்காரர் சிரித்தார். "அண்ணா, ஒரு கட்டு ஸ்பூன் 50. நாங்களே எண்ணிக் கட்டியது. கல்யாண வீட்டுக்காரர் நீங்கள், போய் விருந்தாளிகளைக் கவனியுங்கள்." எவ்வளவு இதமாகச் சொன்னார் தெரியுமா!

திருப்பிக் கொடுத்த பிறகு பில் வந்தது. 31 ஸ்பூன் குறைவு, 620. சாப்பாட்டைச் சூடாக வைக்கும் சேஃபிங் டிஷ்ஷின் தண்ணீர் ட்ரே இரண்டு காணோம், 1,300. பெரிய அண்டாவில் நசுங்கல், 2,880. கூட்டிப் பாருங்கள். சரியாக 4,800! ஒரு ரேண்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒன்பது ஸ்பூன் கட்டில் ஒன்று பிரிக்காமலே மிஞ்சியிருந்தது. அவர்கள் போட்ட ரப்பர் பேண்ட் அப்படியே இருந்தது. அதை என் மச்சான் வண்டியில் ஏற்றும் முன் எண்ணினார், 44 தான். இதைக் கடைக்காரரிடம் சொன்னதும், "நீங்கள் பிரித்துக் கட்டியிருப்பீர்கள்" என்றார். அடுத்த முறை "கணக்கர் வரட்டும்". அப்புறம் "கிடங்கில் பார்க்கிறேன்". இப்போது போனையே எடுப்பதில்லை.

அவசரத்தில் எழுதுகிறேன், இதையாவது செய்யுங்கள். ஸ்பூன் கட்டை இறங்கும்போதே பிரித்து எண்ணுங்கள், எண்ணிக்கையை ஓட்டுநரின் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். சேஃபிங் டிஷ் ஒரே பொருள் இல்லை. சட்டம், தண்ணீர் ட்ரே, சாப்பாட்டு ட்ரே, மூடி, அடியில் தீ வைக்கும் குப்பி எல்லாம் தனித்தனி. பட்டியலில் ஒன்றாகப் போட்டால் எதைக் காணோம் என்றாலும் நம் தலையில்தான். அண்டாவின் பழைய நசுங்கலை அன்றே படம் எடுங்கள். திரும்பும்போது குப்பைப் பையை வெளியே போடுமுன் அதைக் கிளறிப் பாருங்கள், எச்சில் தட்டோடு போகும் ஸ்பூன்தான் அதிகம். கடைசியில் அவர்கள் ஆள் முன்னாலேயே எண்ணி முடித்துக் கையெழுத்து வாங்காமல் வண்டியை விடாதீர்கள்.

4,800 ரேண்ட் திரும்பக் கேட்டுக் கடிதம் அனுப்பிவிட்டேன், 14 நாள் கெடு. பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம்தான். 20,000 ரேண்ட் வரை அங்கே போகலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது, அதுவும் நல்லதுதான். அந்த 44 ஸ்பூனின் படம் மச்சான் போனில் இருக்கிறது.