காய்ச்சலுக்கு மருந்தா, ஈரத்துணியா, சும்மா விடுவதா?

ஏற்காட்டில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். நான்கு வயதுப் பையன், எடை 14 கிலோ, காய்ச்சல் 102 டிகிரி. "கம்பளியைப் போத்தி விடு கண்ணு, தானா வேர்த்து இறங்கிரும்" என்கிறார் அம்மாயி. அம்மா ஈரத்துணியோடு நிற்கிறார். அப்பா பாராசிட்டமால் சிரப்பைத் தேடுகிறார். யார் பக்கம் நியாயம் என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த 102 எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம்.

பையனைச் சூடாக்கியது கிருமி இல்லை, அவன் உடம்பேதான். கிருமியைக் கண்டுகொண்ட வெள்ளை அணுக்கள் சில ரசாயனங்களை ரத்தத்தில் விடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் மூளையில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது மூளையின் வெப்பக் கட்டுப்பாட்டு மையமான ஹைப்போதலாமஸ் வைத்திருக்கும் வெப்ப இலக்கை 98.6-லிருந்து 102-க்கு ஏற்றிவிடுகிறது. இலக்கு 102, உடம்பு இன்னும் 99 என்றால் மூளையின் கணக்கில் அது குளிர். அதனால்தான் கைகால் ஜில்லிடுகிறது, உடம்பு நடுங்குகிறது. 102-ஐத் தொட்டதும் நடுக்கம் நின்றுவிடும். பிறகு இலக்கு பழைய நிலைக்கு இறங்கும்போதுதான் வியர்வை வரும். அம்மாயி சொன்ன வேர்வை, காய்ச்சல் இறங்குவதன் விளைவு. கம்பளி அதை வரவழைப்பதில்லை. குளிரும்போது போர்த்துவது இதம், அவ்வளவுதான். நடுக்கம் நின்ற பிறகும் மூட்டை கட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லை.

இந்தச் சூட்டால் லாபம் உண்டா? உண்டு. வெள்ளை அணுக்கள் தொற்று உள்ள இடத்துக்குச் சுறுசுறுப்பாகப் போய்ச் சேர்கின்றன. சாதாரண உடல் வெப்பத்துக்குப் பழகிய பல கிருமிகள் அந்தச் சூட்டில் மெதுவாகத்தான் பெருகும். 1970-களில் பாலைவன இகுவானாப் பல்லிகளுக்குப் பாக்டீரியா தொற்றை ஏற்படுத்திப் பார்த்தார்கள். தானாகச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாத அந்தப் பிராணி, நோய் வந்ததும் வெப்பமான இடத்தைத் தேடிப் போனது. சூடான இடத்தில் இருந்தவை அதிகம் பிழைத்தன, குளிர்ந்த இடத்தில் வைத்தவை அதிகம் செத்தன.

சரி, அப்படியானால் மருந்து கொடுப்பது தப்பா? பல்லிக் கணக்கை அப்படியே மனிதனுக்குப் போட முடியாது. தொற்றும் காய்ச்சலுமாகத் தீவிர சிகிச்சையில் இருந்த 700 பேரை வைத்து 2015-இல் ஒரு ஆய்வு வெளியானது. பாதிப் பேருக்குப் பாராசிட்டமால், மீதிப் பேருக்கு மருந்துச் சத்தே இல்லாத வெறும் போலி மருந்து. குணமாகும் வேகத்திலும் இறப்பிலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே இது நம் விருப்பம். பையன் தண்ணீர் குடித்து, கொஞ்சம் விளையாடிக்கொண்டு இருந்தால் 102-ஐ அப்படியே விடலாம். வலியில் அழுகிறான், குடிக்க மறுக்கிறான் என்றால் கொடுக்கலாம். தெர்மாமீட்டரைவிடப் பையனின் முகத்தைப் பார்ப்பது மேல் என்பது என் கட்சி. வலிப்பு வந்துவிடுமோ என்ற பயத்துக்காகக் கொடுப்பதில் பலனில்லை. காய்ச்சல் வலிப்பைப் பாராசிட்டமால் தடுப்பதில்லை.

கொடுப்பதானால் அளவில் கவனம் வேண்டும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 14 கிலோவுக்கு 210. 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் சுமார் 4 மில்லி. 5 மில்லியில் 120 உள்ளதென்றால் 8.75 மில்லி. லேபிளைப் படிக்காமல் "போன தடவை ஊத்தின அளவு" என்று ஊற்றினால் அளவு இரண்டு மடங்காகிவிடலாம், கல்லீரலுக்கு ஆபத்து. 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, நாளுக்கு நாலு வேளைக்கு மேல் வேண்டாம்.

மூன்றில் எனக்குப் பிடிக்காதது ஈரத்துணிதான். பாராசிட்டமால் மூளையில் புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்து இலக்கையே இறக்குகிறது. துணி தோலை மட்டும் குளிர்விக்கிறது, இலக்கு 102-லேயே நிற்கிறது. உடம்பு மறுபடி நடுங்கிச் சூடேற்றும், பையனுக்கு அவஸ்தைதான் மிச்சம்.

ஆனால் மலை இறங்கிச் சேலத்துக்கு வந்தால் கதை தலைகீழ். மே மாத வெயிலில் கட்டட வேலை செய்தவர் 105 டிகிரியில் உளறிக்கொண்டு விழுகிறார் என்றால் அது காய்ச்சலே இல்லை, ஹீட் ஸ்ட்ரோக் எனும் வெப்பத் தாக்கு. அவருடைய இலக்கு 98.6-லேயே இருக்கிறது, உடம்பால் சூட்டை வெளியேற்ற முடியவில்லை. இலக்கு உயரவே இல்லாதபோது மாத்திரை எதை இறக்கும்? நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

சும்மா விடுவதற்கும் எல்லை உண்டு. மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 வந்தாலே மருத்துவரிடம் போக வேண்டும். மூச்சுத் திணறல், கழுத்து விறைப்பு, எழுப்ப முடியாத மயக்கம் இருந்தால் எந்த வயதிலும் காத்திருக்கக் கூடாது. இதயம், நுரையீரல் பலவீனமானவர்களுக்குக் காய்ச்சல் கூடுதல் சுமை என்பதால் இறக்குவதில் அர்த்தம் இருக்கிறது. டெங்கு சந்தேகம் இருந்தால் ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் பக்கம் போகாதீர்கள், ரத்தக்கசிவு கூடலாம். டெங்குவில் இன்னொரு சிக்கலும் உண்டு: காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் அபாயக் கட்டம். வயிற்று வலி, விடாத வாந்தி, சிறுநீர் குறைவது என்று ஏதாவது தெரிந்தால், தெர்மாமீட்டர் 98 காட்டினாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.