உளவளத்துணைக்குப் போனது யாருக்குத் தெரியவரும்? மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பில் ஒரு நுண்கடன் நிறுவனக் கிளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேலை செய்வது ஏழு பேர். வெளிக்களத்துக்குப் போகும் பெண் ஒருவர் மட்டுமே. குழுத் தலைவியின் அழைப்பு வந்தாலே அவருக்கு நெஞ்சு படபடக்கிறது, இரவில் உறக்கமில்லை. நிலுவை கூடிவிடக் கூடாதென்று இரண்டு பேருடைய தவணையைத் தன் சம்பளத்திலிருந்தே கட்டியிருக்கிறார். யாரிடமாவது பேச வேண்டும், ஆனால் முகாமையாளர் காதுக்குப் போகக் கூடாது. இவர் எங்கே போவது?

முதல் வழி, நிறுவனமே பணம் கொடுத்து நடத்தும் உளவளத்துணைத் திட்டம். பெரும்பாலும் கொழும்பிலிருந்து தொலைபேசியில் பேசுவார்கள். ஊரில் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது இதன் பெரிய பலம். பேசியதை அந்த உளவளத்துணையாளர் வெளியில் சொல்லிவிடுவாரோ என்றுதான் பலரும் அஞ்சுகிறார்கள். இப்படியொரு திட்டத்தின் பில்கள் என் மேசைக்கு வந்துபோன காலம் உண்டு. எனக்குக் கவலை தந்தவை அந்தத் தாள்கள்தான். பில்லில் பெயர் இருக்காது. ஆனால் அதனுடன் வரும் பயன்பாட்டு அறிக்கையில் கிளை, பால், காரணம் என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். 'முல்லைத்தீவு மாவட்டம், பெண் 1, வேலை அழுத்தம்' என்று ஒரு வரி வந்தால் பெயர் எதற்கு? கொழும்புக் கிளையில் அந்த வரி யாரையும் காட்டாது, இங்கே ஆளையே காட்டிவிடும்.

ஆகவே முதல் அழைப்பிலேயே கேட்க வேண்டியது இது: அறிக்கை கிளை வாரியாகப் போகிறதா, முழு நிறுவனத்துக்கும் சேர்த்தா? தானாகப் போவதற்கும் முகாமையாளர் அனுப்பிப் போவதற்கும் வேறுபாடு உண்டு. முகாமையாளர் அனுப்பினால், வந்தாரா இல்லையா என்பதையாவது திருப்பி அறிவிக்கும்படி ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது வழக்கம். வாசிக்காமல் அதில் கையெழுத்துப் போடக் கூடாது. அலுவலகம் தந்த சிம்மிலிருந்தும் அழைக்கக் கூடாது. மாதக் கட்டண விபரத்தில் அந்த எண் வந்து நிற்கும். தமிழில் நேரடியாகப் பேசுபவர் இருக்கிறாரா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது. மொழிபெயர்ப்பாளர் வந்தால் கேட்கும் காது இன்னொன்று கூடுகிறது.

இரண்டாவது, பிரதேச செயலகத்து உளவளத்துணை உத்தியோகத்தர். கட்டணம் இல்லை, நிறுவனத்துக்கு எந்தத் தாளும் போகாது, போர், இழப்பு, கடன் எல்லாவற்றையும் விளக்காமலே புரிந்துகொள்வார். சிக்கல் வாசலில் இருக்கிறது. அந்த வாங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் இவரிடம் கடன் வாங்கியவர்களாக இருக்கலாம். "மிஸ், நீங்களும் இங்கேயா?" என்ற ஒரு கேள்வி போதும். முன்கூட்டியே தொலைபேசியில் பேசி வேறு இடம், வேறு நேரம் கேட்கலாம். முடியாதென்றால் இவருடைய தொழிலுக்கு இந்த வழி பொருந்தாது. ஆசிரியருக்கோ கடைப் பணியாளருக்கோ நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மூன்றாவது, வைத்தியசாலை உளநலப் பிரிவு. உறக்கம் வாரக்கணக்கில் கெட்டு, சாப்பாடு குறைந்து, சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் ஒப்பீடெல்லாம் வேண்டாம், இங்கேதான் போக வேண்டும். முல்லைத்தீவில் தெரிந்த முகம் அதிகமென்றால் பரந்தன் வீதியால் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போகலாம். இங்கே கவனிக்க வேண்டியவை கிளினிக் கொப்பியும் விடுமுறைக்கான மருத்துவச் சான்றிதழும். கொப்பி உங்கள் கையில் இருப்பது. அலுவலகப் பைக்குள் வைக்காதீர்கள். சான்றிதழில் என்ன எழுதப்படும் என்பதை எழுதுவதற்கு முன்பே வைத்தியரிடம் கேளுங்கள்.

நள்ளிரவில் மூச்சுமுட்டும்போது 1926 இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணிநேரமும் இயங்குவது. ஆனால் ஒவ்வொரு முறையும் வேறொருவர் எடுக்கக்கூடும். தொடர்ச்சியான துணைக்கு அது போதாது.

எந்த வழியிலும் ரகசியத்துக்கு எல்லை உண்டு. உயிராபத்து, சிறுவர் துஷ்பிரயோகம், நீதிமன்றக் கட்டளை என்றால் பேசியது வெளியே போகலாம். நம் வெளிக்கள உத்தியோகத்தருக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. சொந்தப் பணத்தில் தவணை கட்டியது நிறுவன விதிக்கு முரணாக இருக்கக்கூடும். நிறுவனத் திட்டத்தில் அதைச் சொல்வதற்கு முன், "விதிமீறல் என்று ஒன்றைச் சொன்னால் அதை நிறுவனத்துக்கு அறிவிப்பீர்களா?" என்று பொதுவாகக் கேட்டுப் பதிலைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

அறிக்கை முழு நிறுவனத்துக்கும் சேர்த்தே போகிறது என்றால், சொந்தத் தொலைபேசியில், வேலை முடிந்தபின், நிறுவனத் திட்டத்தையே இவர் எடுக்கலாம் என்பது என் கணிப்பு. கிளை வாரியாகப் போகிறதென்றால் கிளிநொச்சி பஸ்தான். ஆனால் பேசுவதால் மட்டும் வசூல் இலக்கு குறையாது. அதைக் குறைக்க வேண்டுமானால் நிறுவனத்திடம் ஏதாவது சொல்லித்தான் ஆக வேண்டும். அப்போது நோயின் பெயரோ பேசியதோ இல்லாமல், 'இரண்டு வாரங்களுக்கு மாலை நேர வசூலுக்கு அனுப்ப வேண்டாம்' என்ற அளவில் உளவளத்துணையாளரிடமோ வைத்தியரிடமோ ஒரு கடிதம் கேட்கலாம். அந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் எழுத்தில் சம்மதம் கொடுத்து, அனுப்புவதற்கு முன் அதைத் தானே வாசித்துப் பார்க்க வேண்டும்.