ஐந்து வாரம் சும்மா நின்ற ஜெனரேட்டர்: ஒரே ஒரு 'டக்', உள்ளே மூன்று பழுது

பட்டறையில் இருக்கும் 15 கேவிஏ டீசல் ஜெனரேட்டரை வாங்கி ஆறு வருடம் ஆகிறது. 12 வோல்ட் செல்ஃப், 100 ஆம்பியர்-மணி பேட்டரி, சாவி திருப்பி ஸ்டார்ட் செய்யும் சாதாரண பேனல். எஞ்சினைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் போதும், ஓடிக்கொண்டே இருக்கிறது. என்னைப் படுத்தியதெல்லாம் எஞ்சினுக்கு வெளியே, பேட்டரியைச் சுற்றி ஒரு முழ தூரத்துக்குள் நடந்தவைதான். நாலாவது வருடம் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னாலே போதும்.

அப்போது மின்தடையே இல்லாமல் ஐந்து வாரம் ஓடிவிட்டது. ஜெனரேட்டரை யாரும் தொடவில்லை. ஆறாவது வாரம் கரண்ட் போனதும் சாவியைத் திருப்பினேன். பேனலில் விளக்கு எரிந்தது. ஸ்டார்ட் பக்கம் திருப்பியதும் ஒரே ஒரு 'டக்'. அதோடு பேனல் முழுக்க இருட்டு. சாவியை விட்டால் விளக்கு திரும்ப வருகிறது, திருப்பினால் மறுபடியும் 'டக்', இருட்டு.

எல்லாரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன்: பேட்டரி டவுன். ஆனால் சத்தத்தைக் கொஞ்சம் கவனித்திருந்தால் வேறு மாதிரி யோசித்திருப்பேன். பேட்டரி மட்டும் இறங்கியிருந்தால் பெரும்பாலும் 'டக்டக்டக்டக்' என்று விடாமல் அடிக்கும், அல்லது எஞ்சின் சோம்பலாகச் சுற்றும். ஒரே 'டக்'கோடு எல்லாம் அணைந்தால், வழியில் எங்கோ கரண்ட் தடைபடுகிறதா என்று பார்ப்பது நல்லது.

மல்டிமீட்டரை எடுத்தேன். பேட்டரியின் ஈயக் குமிழ்கள் இரண்டிலும் முனையை வைத்தால் 12.1 வோல்ட். சார்ஜ் நிறைந்த பேட்டரி ஓய்வில் 12.6-க்கு மேல் காட்ட வேண்டும், 12.1 என்றால் ஏறக்குறைய பாதிக்கும் கீழே. சரி, பலவீனம்தான். பையனை சாவி திருப்பச் சொல்லிவிட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'டக்'. மீட்டர் 11.9. அவ்வளவுதான் இறங்கியது.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். பாதி சார்ஜில் இருக்கும் பேட்டரியில் அவ்வளவு இழுத்தால் வோல்டேஜ் சடாரென்று 9, 8 என்று விழுந்தாக வேண்டும். விழவில்லை என்றால் செல்ஃபுக்குப் போதிய கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். அடுத்து மீட்டரின் ஒரு முனையை பாசிட்டிவ் குமிழிலும், மறு முனையை அதே குமிழைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்தேன். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் உலோகம், நடுவில் வோல்டேஜே இருக்கக் கூடாது. கிராங்க் செய்யும்போதுகூட, அதாவது செல்ஃப் எஞ்சினைச் சுற்றும்போதுகூட, 0.1-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். எனக்கு 5.8 காட்டியது. பேட்டரி கொடுத்ததில் பாதியை அந்தக் கவ்வலே தின்றுகொண்டிருந்தது. பேனலுக்கான ஒயரும் செல்ஃப் மோட்டாரின் போல்ட்டிலிருந்துதான் போகிறது, அதனால்தான் அதுவும் கூடவே அணைந்தது.

மேலே பார்த்தால் கொஞ்சம் வெள்ளை உப்பு பூத்திருந்தது, மோசமாகத் தெரியவில்லை. கழற்றியபோதுதான் அதன் லட்சணம் தெரிந்தது. முதலில் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. இதை மாற்றிச் செய்து ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும், பக்கத்திலேயே பேட்டரி விடும் ஹைட்ரஜன் இருக்கிறது. கிளாம்பின் உள்வளையம் முழுக்க கரும்பழுப்பாக ஒரு தோல். சமையல் சோடா கரைத்த தண்ணீரை, மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஊற்றினேன். நுரைத்துப் பொங்கி அடங்கியது. உப்புத்தாளால் தேய்த்து ஈயம் பளபளக்கும் வரை கொண்டுவந்தேன். கேபிளை லேசாக வளைத்தபோது லக் பக்கத்தில் ரப்பருக்குள் நறநறவென்று ஒரு சத்தம். கீறிப் பார்த்தால் செம்புக் கம்பிகள் பச்சைப் பொடியாகிக் கிடந்தன. இரண்டு விரற்கடை வெட்டித் தள்ளிவிட்டு நல்ல செம்பு தெரிந்த இடத்தில் புது லக் போட்டேன். முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினேன். பலர் முதலில் தடவிவிட்டுப் பிறகு மாட்டுகிறார்கள். சுத்தமான உலோகத்தை நன்றாக முடுக்கி, அப்புறம் வெளியே மூடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

திரும்ப சாவி. இப்போது 'உர்ர்… உர்ர்…' என்று இரண்டு சுற்று சுற்றி நின்றது. மீட்டர் 8.3. தடை போனதும் பேட்டரியின் பலவீனம் வெளியே வந்துவிட்டது. இந்த நிலையில் விடாமல் அடித்துப் பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்த வோல்டேஜில் சோம்பலாகச் சுற்றும் செல்ஃப்தான் அதிகம் சூடாகும். நல்ல பேட்டரியோடே 10 விநாடிக்கு மேல் அடிக்காமல் இடையில் ஒரு நிமிடமாவது விடுவது என் பழக்கம்.

பேட்டரியைக் கழற்றி ராத்திரி முழுக்க 8 ஆம்பியரில் சார்ஜரில் போட்டேன். காலையில் எடுத்து, சில மணி நேரம் சும்மா வைத்து அளந்தால் 12.6. மாட்டினேன். கிராங்கில் 9.4 வரை இறங்கி எஞ்சின் பிடித்துக்கொண்டது. லோடு எடுத்தது, புகை இல்லை. மெக்கானிக்கை வரச்சொல்லியிருந்தேன், அவரும் "முடிஞ்சது சார், பேட்டரி தான்" என்றார். அதோடு விட்டிருந்தால் இன்னொரு ஐந்து வாரத்தில் அதே 'டக்'கைக் கேட்டிருப்பேன்.

ஓடும்போதே பேட்டரியில் மீட்டரை வைத்தேன். 12.4. பத்து நிமிடம் கழித்தும் 12.4. சார்ஜ் ஏறினால் 13.8-லிருந்து 14.4-க்குள் எங்காவது இருக்க வேண்டும். அதாவது சார்ஜிங் ஆல்டர்னேட்டர், நம் பக்கம் பலரும் டைனமோ என்றே சொல்வது, ஒன்றும் கொடுக்கவில்லை. மெக்கானிக் உடனே ஸ்பேனரோடு நெகட்டிவ் கேபிளுக்குப் போனார். "கழட்டினா எஞ்சின் நிக்குதான்னு பார்ப்போம்." நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். பழைய டைனமோ காலத்துப் பழக்கம் அது. வேலை செய்யும் ஆல்டர்னேட்டரில் ஓட்டத்திலேயே பேட்டரியைப் பிரித்தால் வோல்டேஜ் எகிறி டயோடையும் ரெகுலேட்டரையும் பலி வாங்கிவிடும். அதைவிட, என் எஞ்சின் டீசல். டீசலை வெட்டும் சாலினாய்டுக்கு என் செட்டில் நிறுத்தும்போது மட்டும்தான் கரண்ட் வேண்டும். பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடும். ஆல்டர்னேட்டர் எத்தனை மாதமாகச் செத்துக் கிடந்தது என்று எனக்குத் தெரியாமல் போனதும் அதனால்தான்.

தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, நான் பார்க்கவில்லை. பேனலில் பேட்டரி படம் போட்ட சின்ன விளக்கு ஒன்று உண்டு. சாவியை ஆன் செய்ததும் எரிந்து, எஞ்சின் பிடித்ததும் அணைய வேண்டும். என்னுடையது எரியவே இல்லை. எரியாத விளக்கைப் பார்த்து 'பிரச்சினை இல்லை' என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அந்த பல்பு வழியாகப் போகும் சின்னக் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரின் ரோட்டாருக்கு முதல் காந்தத்தைக் கொடுக்கிறது. பல்பு ஃபியூஸ் ஆனாலேகூடச் சார்ஜ் ஆரம்பிக்காமல் போகலாம்.

பெல்ட் இறுக்கமாகவே இருந்தது. எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்து, ஆல்டர்னேட்டரின் பின்னால் அந்த விளக்குக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றி பாடியில் தொட்டேன். விளக்கு எரிந்தது. ஆக பல்பும் ஒயரும் நலம், பழுது ஆல்டர்னேட்டருக்குள். எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் உள்ள செட்டில் இதை அதன் கையேட்டைப் பார்க்காமல் செய்ய வேண்டாம். பல்பு வைத்த பேனலுக்குத்தான் இது.

பின்பக்க ஸ்குரூக்களைக் கழற்றி ரெகுலேட்டரை வெளியே எடுத்தோம். கார்பன் பிரஷ் இரண்டில் ஒன்று ஸ்பிரிங் விசையில் வெளியே துருத்திக்கொண்டு நின்றது. மற்றொன்று உள்ளேயே அடங்கிக் கிடந்தது. தேய்ந்திருக்கவில்லை, கரித்தூளும் ஈரமும் சேர்ந்து கூட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்தினால் அசையவில்லை. அது தொட வேண்டிய ஸ்லிப் ரிங்கில் கருப்பாக ஒரு வளையம். நிறைய ஓடித் தேய்ந்து சாக வேண்டிய பொருள், ஓடாமல் நின்று செத்திருக்கிறது. ரிங்கை மெல்லிய உப்புத்தாளால் துடைத்து, பிரஷோடு சேர்ந்த புது ரெகுலேட்டரைப் போட்டோம். சாவி ஆன்: விளக்கு எரிந்தது. ஸ்டார்ட்: அணைந்தது. மீட்டர் 14.1.

ஐந்து வாரத்தில் பேட்டரியை இறக்கியது எது என்பது மட்டும் பாக்கி இருந்தது. சாவியை ஆஃப் செய்துவிட்டு, நெகட்டிவ் கேபிளுக்கு இடையில் மீட்டரைத் தொடரில் போட்டுப் பார்த்தேன்: 40 மில்லி ஆம்பியர். பேனலில் எப்போதும் விழித்திருக்கும் பாதுகாப்பு மாட்யூல் குடிப்பது. கேட்க அற்பம். ஆனால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 ஆம்பியர்-மணி, 35 நாளில் 34. ஒரு தடவை ஸ்டார்ட் செய்ய 300 ஆம்பியர் 5 விநாடி என்று வைத்தாலும் அரை ஆம்பியர்-மணிகூட ஆகாது. ஸ்டார்ட் அடித்து அடித்து பேட்டரி போய்விட்டது என்று நாம் சொல்வதெல்லாம் இந்தக் கணக்கின் முன் நிற்காது.

அதன் பிறகு கரண்ட் இருக்கும்போதெல்லாம் 13.6 வோல்ட்டில் பிடித்து வைக்கும் ஒரு சின்ன ஃப்ளோட் சார்ஜரை பேனலுக்குள் நிரந்தரமாகப் போட்டேன். பேட்டரி ஸ்விட்ச் வைத்து முழுக்கத் துண்டிப்பது இதைவிட எளிது, ஆனால் அவசரத்தில் ஸ்விட்ச் எங்கே என்று தேட எனக்குப் பொறுமையில்லை. சார்ஜர் வந்த பிறகு டிஸ்டில்டு வாட்டர் கொஞ்சம் கூடுதலாகக் குறைகிறது, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மூடி திறந்து பார்க்கிறேன். அந்தப் பழைய பேட்டரி காப்பாற்றப்படவில்லை. பாதி சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்ததில் தகடுகளில் சல்ஃபேட் இறுகிவிட்டது போலும். ஓய்வில் 12.6 காட்டும், கிராங்கில் மாதத்துக்கு மாதம் கூடுதலாக விழும். ஏழாவது மாதம் 8.7-க்கு வந்தபோது மாற்றிவிட்டேன்.

வாராவாரம் பத்து நிமிடம் சும்மா ஓட்டும் வழக்கத்துக்கும் நான் போகவில்லை. இப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அரை மணி நேரம், லோடோடு. கூண்டின் உள்கதவில் ஒரு தாளை ஒட்டி ஒவ்வொரு முறையும் மூன்று எண் எழுதுகிறோம்: ஸ்டார்ட்டுக்கு முன், கிராங்கில், ஓடும்போது. முதல் எண்ணை மட்டும் சார்ஜரை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜரின் வோல்டேஜைத்தான் பேட்டரியின் வோல்டேஜ் என்று எழுதிக்கொண்டிருப்போம். முதல் நாலைந்து வரிகளில் பையன் அதைத்தான் செய்திருந்தான். போன வாரத்து வரி: 12.7, 10.3, 14.1.