போஸ்ட்டா, டிராப்பா? மதுரை வெயிலில் முன்கோர்ட் தாக்குதல்

ஸ்குவாஷில் எதிராளியை முன்சுவருக்கு இழுக்க இரண்டு வழி உண்டு. டிராப் நேராக முன்சுவரில் மெதுவாகப் பட்டு அங்கேயே விழும். போஸ்ட் முதலில் பக்கச் சுவரில் பட்டு, அப்புறம் முன்சுவரைத் தொட்டு, எதிர்ப்பக்க முன்மூலைக்குப் போகும். எதை எப்போது ஆடுவது என்பதை எதிராளி நிற்கும் இடம்தான் முடிவு செய்யும்.

வலது பின்மூலையில் பந்து உங்களிடம் இருக்கிறது, எதிராளி நடுவில் டி-யில் நிற்கிறார் என்று வையுங்கள். இங்கே போஸ்ட் அடித்தால் பந்து இரண்டு சுவரைத் தொட்டுப் போய்ச் சேர்வதற்குள் அவர் மூன்று எட்டில் இடது முன்மூலைக்கு வந்துவிடுவார். வந்தவர் அந்தச் சுவரை ஒட்டி ஒரு டிராப் போட்டால், கோர்ட்டின் முழு மூலைவிட்டத்தையும், அதாவது ஏறக்குறைய 11.7 மீட்டரை, நீங்கள்தான் ஓட வேண்டும். நம்மில் பலர் பின்மூலையில் திணறும்போதெல்லாம் போஸ்ட் அடித்துப் புள்ளியை இழப்பது இப்படித்தான். அங்கே பக்கச் சுவரை ஒட்டி நீளமாக அடிப்பதே சரி. பந்தை நேராக எடுக்கவே முடியாதபோது மட்டும், தப்பிக்க போஸ்ட் ஆடலாம்.

அதே மூலை, அதே பந்து. ஆனால் எதிராளி இன்னும் இடது பின்பக்கத்திலிருந்து டி-க்குத் திரும்பவில்லை, அல்லது உங்கள் நேர் அடியை எதிர்பார்த்து வலப்பக்கம் சாய்ந்துவிட்டார். இப்போது அதே போஸ்ட் புள்ளியைத் தரும்.

டிராப்புக்கான நேரம் வேறு. எதிராளியின் பந்து நீளம் குறைவாக வந்து நடுக்கோர்ட்டில் நிற்க வேண்டும். அவர் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பந்து போகும் தூரம் குறைவு என்பதால் அவர் பார்த்து ஓட அவகாசமே இல்லை. புள்ளியை முடிக்க என்னைக் கேட்டால் டிராப்தான்.

மதுரையில் ஏசி இல்லாத கோர்ட்டில், மே மாத மாலையில் ஆடுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். சூட்டில் இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்துகூட நன்றாக எழும்பும். போஸ்ட்டை வேகமாக அடித்தால் பந்து இடது சுவரிலும் மோதி நடுவுக்குத் திரும்பி, எதிராளிக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வேகத்தைக் குறையுங்கள். டிராப்பில், எழும்புவதை ஈடுகட்ட முன்சுவரின் அடியில் உள்ள 48 செ.மீ. உயர டின்னை உரசுகிற மாதிரி இறக்க ஆசைப்பட்டால் பாதி டின்னில்தான் போகும். உயரத்தை ஒரு சாண் விட்டே வையுங்கள், பக்கச் சுவரை நன்றாக ஒட்டிப் போடுங்கள். எதிராளி எட்டினாலும் சுவர் அவருடைய ராக்கெட்டை மறிக்கும்.

சரியாக விழுகிறதா என்று தெரிய, கூட ஆடுபவரிடம் “எடுக்காதீங்க, ரெண்டாவது பவுன்ஸ் எங்கன்னு மட்டும் பாருங்க” என்று சொல்லுங்கள். போஸ்ட்டின் இரண்டாவது பவுன்ஸ் எதிர்ச்சுவரின் அடியில் விழ வேண்டும். டிராப்புடையது குறுக்குக் கோட்டுக்கு வெகு முன்பே, சுவரிலிருந்து ஒரு சாணுக்குள் விழ வேண்டும்.