முத்துன புரைக்கு ஃபேகோவா, எஸ்ஐசிஎஸ்ஸா?

கண்ணுல புரை எடுக்க ரெண்டு வழி இருக்கு, எஸ்ஐசிஎஸ்ஸை "அது கேம்ப் ஆபரேஷன்", ஃபேகோவை "இது லேசர் ஆபரேஷன்" அப்படின்னு நம்ம ஊர்ல ரெண்டா பிரிச்சு வெச்சிருக்காங்க. முதல்ல அந்த லேசர் பேச்சை ஓரமா வெச்சிடுவோம், ஏன்னா ஃபேகோவுல லேசரே கிடையாது, பேனா மாதிரி இருக்குற கருவியோட நுனி செகண்டுக்கு சுமார் 40,000 தடவை அதிரும், அந்த அல்ட்ராசவுண்ட் அதிர்வுலதான் புரை உடையுது, உடைஞ்சதை அதே நுனி உறிஞ்சி வெளிய எடுத்துடுது. லேசர் சேர்த்து பண்றது தனி, அதுக்கு பில்லும் தனி. எஸ்ஐசிஎஸ்ல உடைக்கிற வேலையே இல்ல, டாக்டர் புரையோட கருவை முழுசா கையாலயே வெளிய கொண்டு வந்துடுவார்.

எல்லாரும் முதல்ல கேக்குறது வெட்டு எவ்ளோ பெருசுன்னுதான். ஃபேகோவுக்கு 2.2 லேருந்து 2.8 மில்லிமீட்டர், கருவிழி ஓரத்துல. எஸ்ஐசிஎஸ்க்கு 6 லேருந்து 7, வெள்ளைவிழியில. கேட்டா ரெண்டு மடங்குக்கு மேல தெரியுது, ஆனா ரெண்டுக்குமே பெரும்பாலும் தையல் கிடையாது. அது எப்படின்னா, வெள்ளைவிழியில பாதி ஆழத்துக்கு ஒரு கீறல் போட்டு, அங்கேருந்து பிறை மாதிரி வளைஞ்ச கத்தியால கருவிழிக்குள்ள வரைக்கும் ஒரு சுரங்கம் வெட்டிக்கிட்டே போவாங்க, உள்வாசல் வெளிவாசலை விட அகலமா இருக்கும், ஆபரேஷன் முடிஞ்சதும் கண்ணுக்குள்ள இருக்குற அழுத்தமே அந்த உள்பக்க உதட்டைத் தள்ளி மூடிடும். மொத்த விஷயமும் இந்த சுரங்கத்துலதான் இருக்கு. ரொம்ப மேலோட்டமா போனா கூரையில ஓட்டை விழுந்துடும், ரொம்ப ஆழமா போனா சீக்கிரமே உள்ள திறந்துக்கிட்டு கருவிழிக்குப் பின்னாடி இருக்குற ஐரிஸ் வெளிய பிதுங்கும், அப்போ தையல் போட்டே ஆகணும். அதனால எஸ்ஐசிஎஸ்ஸை "சிம்பிளான ஆபரேஷன்"னு சொல்றவங்களை நான் ஒத்துக்க மாட்டேன், மெஷின்தான் சிம்பிள், கை வேலை அதுல ரொம்ப ஜாஸ்தி.

வெட்டு பெருசா இருக்குறதோட நிஜ விலை சிலிண்டர் பவர்தான், அதாவது கருவிழி எல்லா திசையிலயும் ஒரே மாதிரி வளையாததால வர்ற பவர். வெட்டுன திசையில கருவிழி கொஞ்சம் தட்டையாகும், ஃபேகோவுல அரை டயாப்டர் அளவுலயோ அதுக்குக் கீழயோ நிக்கும், எஸ்ஐசிஎஸ்ல மேல்பக்கமா வெட்டுனா ஒன்னு, ஒன்றரை கூட வரலாம். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. வயசானவங்க நிறைய பேருக்கு கருவிழி ஏற்கனவே குறுக்குவாட்டுல கூடுதலா வளைஞ்சிருக்கும். உதாரணத்துக்கு ஒருத்தருக்கு அப்படி 1 டயாப்டர் இருக்குன்னு வைங்க, மேல வெட்டுனா செங்குத்து திசை இன்னும் தட்டையாகி அது 2 வரைக்கும் ஏறும், அதே வெட்டை நெற்றிப்பொட்டு பக்கமா போட்டா குறுக்கு வளைவு குறைஞ்சு கிட்டத்தட்ட சரியாகிடும். கண்ணும் அதேதான், டாக்டரும் அதேதான், உக்காந்த இடம் மட்டும்தான் வேற. கருவிழியோட வளைவை அளந்த கெரட்டோமெட்ரி ரிப்போர்ட்டை கையில வெச்சிக்கிட்டு "எந்தப் பக்கம் வெட்டுவீங்க டாக்டர்"னு கேக்குறது தப்பே இல்ல.

சரி, எங்க பெரியம்மா விஷயத்துக்கு வரேன், இந்த அலசலே அவங்களுக்காக ஆரம்பிச்சதுதான். ரொம்ப வருஷமா தள்ளிப்போட்டு வலது கண்ணுல புரை முத்தி காபி டிகாஷன் கலர்ல இருந்துச்சு, கை அசைவு மட்டும்தான் தெரியும். அண்ணன் "நல்லதா, காஸ்ட்லியா பண்ணிடலாம்"னு ஃபேகோ கேட்டார். டாக்டர் ஸ்லிட் லாம்ப்ல பாத்துட்டு "இந்தக் கண்ணுக்கு நான் எஸ்ஐசிஎஸ்தான் பண்ணுவேன்"னு சொன்னதும் அண்ணனுக்கு சந்தேகம், காசு இல்லாதவங்கன்னு நெனச்சிட்டாரோன்னு.

காரணம் அது இல்ல. மெத்துன்னு இருக்குற புரைக்கு கொஞ்சூண்டு அல்ட்ராசவுண்ட் போதும், கல்லு மாதிரி ஆனதை உடைக்க ரொம்ப நேரம் சக்தி கொடுக்கணும், அந்த சூடும் அதிர்வும் கருவிழியோட உள்பக்கம் இருக்குற எண்டோதீலியம் செல்களைத் தாக்கும். அந்த செல்கள் போனா திரும்ப முளைக்காது, அதுங்கதான் கருவிழியிலேருந்து தண்ணியை வெளியேத்திக்கிட்டு இருக்கு, ரொம்ப குறைஞ்சா கருவிழி வீங்கி பாலாடை படிஞ்சாப்ல மங்கும். இன்னொரு பயம், புரையைச் சுத்தி இருக்குற பையோட பின்பக்கம் கிழிஞ்சு ஒரு துண்டு கண்ணோட அடியில விழுந்தா ரெட்டினா டாக்டர் வந்து இன்னொரு ஆபரேஷன் பண்ணணும். பை எஸ்ஐசிஎஸ்லயும் கிழியலாம், ஆனா கருவை முழுசா வெளிய கொண்டு வரதுனால அதை உடைக்கிற சக்தி கண்ணுக்குள்ள போறதில்ல. ஃபேகோ ஆரம்பிச்சு கஷ்டமா இருந்தா எஸ்ஐசிஎஸ்ஸுக்கு மாறுறதும் உண்டு, ரெண்டும் தெரிஞ்ச கையா இருக்கணும்.

இதை நேருக்கு நேர் சோதிச்சும் பாத்திருக்காங்க. நேபாளத்துல டாக்டர் சந்துக் ருயித்தும் கூட இருந்தவங்களும் 108 பேருக்குப் பண்ணி 2007ல வெளியிட்ட ஆய்வுல, முத்துன புரைகள் நிறைய இருந்த கூட்டத்துல, கண்ணாடி போட்டா நல்லா தெரிஞ்சவங்க ஆறு மாசத்துல ரெண்டு பக்கமும் 98 சதவீதம். எஸ்ஐசிஎஸ்க்கு சராசரியா 9 நிமிஷம், ஃபேகோவுக்கு 15 நிமிஷத்துக்கு மேல. முதல் நாள் கருவிழி வீக்கம் எஸ்ஐசிஎஸ்லதான் கம்மி. ஆனா அதுக்காக எல்லாருக்கும் எஸ்ஐசிஎஸ்தான்னு நான் சொல்லல, புனேல நடந்து 2005ல வந்த ஆய்வுல கண்ணாடி இல்லாம பார்வை அட்டையில 6/18 அளவுக்கோ அதை விட நல்லாவோ பாத்தவங்க ஆறு வாரத்துல ஃபேகோவுல 81 சதவீதம், எஸ்ஐசிஎஸ்ல 71. கண்ணாடி போட்டதும் ரெண்டும் சமம். அதாவது வித்தியாசம் பெரும்பாலும் கண்ணாடி விஷயத்துலதான். வண்டி ஓட்டுறவர், கம்ப்யூட்டர்ல உக்காருறவர், புரை இன்னும் முத்தல, அப்படின்னா நான் யோசிக்காம ஃபேகோ பக்கம்தான் நிப்பேன்.

ஆறுற விஷயம். ரெண்டுலயும் அன்னிக்கே வீட்டுக்கு வந்துடலாம். ஃபேகோ நிறைய இடத்துல சொட்டு மருந்து மட்டும் விட்டு மரத்துப்போக வெச்சு பண்றாங்க, எஸ்ஐசிஎஸ்க்கு பெரும்பாலும் கண்ணைச் சுத்தி ஊசி, அதனால மறுநாள் வரைக்கும் கட்டு. வெள்ளைவிழி மேல இருக்குற தோலைத் திறக்குறதுனால கண்ணு சிவந்து, கொஞ்ச நாள் உறுத்தும், பாக்க பயமா இருக்கும், பெரியம்மாவைப் பாக்க வந்தவங்க எல்லாரும் "என்ன இப்படி ரத்தமா இருக்கு"ன்னு கேட்டே அவங்களை பயமுறுத்துனாங்க. அது தானா கலைஞ்சுடும். கண்ணாடி பவர் நிலைக்க ஃபேகோவுல சுமார் மூணு நாலு வாரம், எஸ்ஐசிஎஸ்ல ஆறு வாரம் வரைக்கும். ஸ்டீராய்டு சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன மாதிரி படிப்படியா குறைக்கணும், கண்ணு வெளுத்துடுச்சேன்னு நடுவுல நிறுத்தக் கூடாது. சிவப்பு மட்டும்னா பரவால்ல, ஆனா வலி கூடிக்கிட்டே போகுது, தெரிஞ்ச பார்வை திரும்ப மங்குதுன்னா காலையில பாத்துக்கலாம்னு விடாம அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி போகணும், கண்ணுக்குள்ள கிருமி போனா சில மணி நேரத்துலயே பார்வை போயிடலாம்.

செலவு. அந்த நேபாள ஆய்வுல பொருள் செலவு எஸ்ஐசிஎஸ்க்கு சுமார் 15 டாலர், ஃபேகோவுக்கு சுமார் 70. மெஷின், அதோட ட்யூப், கேசட், நுனி, சர்வீஸ் எல்லாம் சேர்ந்தா அப்படித்தான் வரும். நம்ம கைக்கு வர்ற பில்லுல பெரிய தொகை, புரைக்குப் பதிலா கண்ணுக்குள்ள வெக்கிற லென்ஸுக்குத்தான், மடக்காத பிஎம்எம்ஏ லென்ஸ் மலிவு, அது 6 மில்லிமீட்டர் அகலம்ங்கறதுனால பெரிய வெட்டுலதான் போகும், ஃபேகோவோட சின்ன வெட்டுக்கு மடக்குற லென்ஸ் வேணும். மதுரை அரவிந்த் ஆரம்பிச்ச ஆரோலேப் 1992லேருந்து இங்கயே லென்ஸ் பண்ண ஆரம்பிச்சதுனாலதான் இந்த விலையே நமக்கு எட்டுது. நிறைய பேருக்குத் தெரியாத ஒன்னு, எஸ்ஐசிஎஸ்லயும் மடக்குற லென்ஸ் வெக்கலாம், பெரியம்மாவுக்கு அப்படித்தான் வெச்சாங்க. அதனால பேக்கேஜ் விலை கேக்கும்போது ஆபரேஷன் எவ்ளோ, லென்ஸ் எவ்ளோ, சொட்டு மருந்தும் ரிவ்யூவும் அதுல சேர்ந்ததான்னு தனித்தனியா எழுதி வாங்கிக்கோங்க.