கொலுசு வீட்டுக்கு எந்தக் கோட்பாடு? மூன்று சட்டகங்களை ஒரே நேர்காணல் தொகுப்பில் உரசிப் பார்த்த கதை

சேலத்தில் சிவதாபுரம், பனங்காடு பக்கம் மத்தியான நேரத்தில் நடந்தால் வீட்டுக்குள்ளிருந்து ஊதுகுழல் சத்தம் கேட்கும். பட்டறை முதலாளி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். வீட்டில் கண்ணி கோத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, கொலுசாகத் திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி எடை. நடுவில் குறைவதில் இவ்வளவு சேதாரம் என்று கழித்துக்கொள்வார்கள். கூலி கிலோ கணக்கில்.

என்னை அக்கா என்று கூப்பிடும் ஆய்வு மாணவி ஒருத்தி இதைத்தான் பிஎச்.டி.க்கு எடுத்திருந்தாள். அவள் கேள்வி எளிமையானது: இரண்டு தெரு தள்ளி கிலோவுக்குக் கூலி கூடுதலாகத் தரும் பட்டறை இருக்கும்போது, இந்தக் குடும்பங்கள் ஏன் பத்து வருஷமாகப் பழைய முதலாளியிடமே இருக்கின்றன? கேள்வி நன்றாக இருந்தது. சினாப்சிஸில் சட்டகம் என்ற தலைப்பின் கீழ், தரவை எந்தக் கோட்பாட்டின் வழியே படிக்கப்போகிறாள் என்று சொல்ல வேண்டிய இடத்தில், பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூவின் பெயரை எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “எல்லாரும் அதாங்க்கா போடறாங்க” என்றாள்.

டாக்டரல் கமிட்டியில் இந்தப் பதில் செல்லாது என்பது அவளுக்கும் தெரியும். ஆகவே முன்னோட்டமாக எடுத்திருந்த ஐந்து வீட்டு நேர்காணல்களை மேசையில் பரப்பி, மூன்று சட்டகங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் படித்தோம். ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி. இந்தக் குடும்பங்கள் மாறாமல் இருப்பதற்கு நீ சொல்லும் காரணம் என்ன? நீ சொல்வது தப்பு என்றால் களத்தில் எதைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத சட்டகம் எந்தத் தரவையும் விழுங்கிவிடும். பிறகு தரவை அலசும் அத்தியாயத்தில் அதற்கு வேலையே இருக்காது.

முதலில் பூர்தியூ. ஹாபிடஸ் என்பதைப் பழக்கவழக்கம் என்று நம் ஆய்வேடுகள் தமிழாக்கிவிடுகின்றன, அங்கேயே பாதி கெட்டுவிடுகிறது. வளர்ந்த சூழல் உடம்பிலும் மனதிலும் படிந்து, எது நமக்கு ஆகும், எது ஆகாது என்று யோசிக்காமலே தெரிய வைக்கும் நாட்டம் அது. இல்லாமை திணித்ததையே மனிதர்கள் தங்கள் விருப்பமாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்று பிரெஞ்சுத் தொழிலாளர் வீடுகளைப் பற்றி அவர் எழுதியது இங்கே கச்சிதமாகப் பொருந்துவதுபோல் இருந்தது. நேர்காணலில் ஒரு வீட்டுக்காரர், “நம்ம கைக்கு இதுதாங்க வரும், பெரிய பட்டறையெல்லாம் நமக்குச் சரிப்படாது” என்று சொல்லியிருந்தார். மாணவி அந்த வரியை மஞ்சளில் அடிக்கோடிட்டு வைத்திருந்தாள்.

சிக்கல் இரண்டாவது கேள்வியில் வந்தது. குடும்பம் மாறாவிட்டால் ஹாபிடஸ் என்கிறோம். நாளைக்கு மாறிவிட்டால், அவர்கள் இயங்கும் சமூகக் களம் மாறியது, அதற்கேற்ப நாட்டம் நகர்ந்தது என்போம். இது பூர்தியூவின் குற்றமில்லை. அவர் ஹாபிடஸைத் தனியாக விடவே இல்லை. அந்தச் சமூகக் களத்தில் யாருக்கு, பணம், படிப்பு, தொடர்பு என்று எவ்வகை மூலதனம் எவ்வளவு, அது தலைமுறைகளில் எப்படி ஏறி இறங்கியது என்று பெரிய கணக்கெடுப்புகளோடு சேர்த்தே பேசினார். அப்படிச் செய்ய சேலத்துக் கொலுசுத் தொழில் முழுக்க, மொத்த வியாபாரியில் தொடங்கி கண்ணி கோக்கும் பாட்டிவரை, வரைபடம் போட வேண்டும். எட்டு மாதக் களப்பணியும் ஐந்து தெருவும் அதற்குப் போதாது. ஒரு சட்டகத்தைத் தள்ளிவைக்க இது கௌரவமான காரணம்: என் தரவு அதைச் சோதிக்க வல்லதல்ல. ஆய்வேட்டில் இப்படியே எழுதலாம், யாரும் குறைத்து மதிக்க மாட்டார்கள்.

அடுத்து அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர். 1985ல் வந்த கட்டுரையில் அவர் சொன்னது, பொருளாதாரச் செயல்கள் ஆட்களுக்கு இடையே தொடர்ந்து ஓடும் உறவுகளுக்குள் பொதிந்து கிடக்கின்றன, நம்பிக்கை அங்கிருந்துதான் பிறக்கிறது என்று. தமிழில் உட்பொதிவு எனலாம். கொலுசுத் தொழிலில் இது வெறும் கருத்தாக நிற்கவில்லை, தராசுத் தட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. திரும்பக் கொடுக்கும் எடையில் சேதாரத்துக்கு மேல் சில கிராம் குறைந்தால் அதைத் திருட்டு என்றும் சொல்லலாம், தூளாகப் போயிற்று என்றும் சொல்லலாம். “எங்க மொதலாளி ஒரு நாளும் சந்தேகமாக் கேட்டதில்லீங்க” என்று மூன்று வீட்டில் சொன்னார்கள். புது முதலாளியிடம் கூலி கூடும், ஆனால் அந்தச் சில கிராமுக்கு யார் பொறுப்பு? கூடுதல் கூலியைவிட அந்த நிம்மதி பெரியது என்று படித்தால் பொருளாதாரக் கணக்கும் சரிப்படுகிறது. நம்பிக்கையே ஏமாற்றுவதற்கும் வழி திறக்கும் என்று கிரனோவெட்டர் சேர்த்துச் சொல்லியிருப்பதால், முதலாளி தராசு பற்றிய முணுமுணுப்புக்கும் இதில் இடம் உண்டு.

இரண்டாவது கேள்விக்கும் இது நேராகப் பதில் சொல்லும். அப்பா முதலாளி போய் மகன் பொறுப்பேற்று, பழைய பழக்கம் அறுந்த இடங்களில் குடும்பங்கள் மாறியிருக்க வேண்டும். மாறவில்லையென்றால் உட்பொதிவுக்கு அடி. நான் இதற்கே வாக்களித்துவிட்டேன். அவளும் முக்கால்வாசி ஒத்துக்கொண்டாள். நான்காவது நேர்காணல்தான் கெடுத்தது.

அந்த வீட்டில் முதலாளியிடம் முன்பணக் கடன் இல்லை. மகன் பொறுப்பேற்று இரண்டு வருஷம் ஆகிறது, அவனோடு பேச்சுவார்த்தையும் சரியில்லை. கடன் கணக்கிலும் உறவுக் கணக்கிலும் அவர்கள் மாறியிருக்க வேண்டும், மாறவில்லை. காரணத்தை வீட்டுக்காரர் சொல்லவில்லை. அவர் மனைவி, கேள்வியே கேட்காத இடத்தில், கண்ணி கோத்துக்கொண்டே சொல்லியிருந்தார்: “அங்க பட்டறைக்கே வரணும்ங்கறாங்க கண்ணு. நான் போயிட்டா அடுப்ப யாரு பாக்கறது? நான் என்ன வேலையா செய்யறேன், சும்மா இருக்கற நேரத்துல கோத்துத் தர்றது.” அவர் சும்மா இருந்த நேரத்தை மாணவியின் குறிப்பேட்டிலிருந்து கூட்டிப் பார்த்தோம். ஏழு மணி நேரத்துக்குக் குறையவில்லை.

இதைப் படித்ததும் எங்கள் ஆய்வுக் கேள்வியே உடைந்தது. இரண்டு தெரு தள்ளிக் கிடைக்கும் கூடுதல் கூலி பட்டறைக்கு வந்து வேலை செய்யும் ஆளுக்கு. இங்கே கிடைக்கும் குறைந்த கூலி வீட்டுக்கு. ஒரே வேலைக்கு இரண்டு விலை என்று நினைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம், உண்மையில் வேறு வேறு ஏற்பாடுகளின் விலை அவை. வீட்டுக் கூலி அவ்வளவு குறைவாக இருக்க முடிவதே, அதில் பாதி உழைப்பு உழைப்பு என்ற கணக்கில் வராததால்தான்.

இங்கேதான் மூன்றாவது சட்டகம் உள்ளே வந்தது. ஜெர்மானியச் சமூகவியலாளர் மரியா மீஸ், ஆந்திரத்தின் நர்சாபூரில் லேஸ் பின்னும் பெண்களை ஆராய்ந்து 1982ல் நூலாக வெளியிட்டார். நாள் முழுக்கப் பின்னும் அந்தப் பெண்கள் இல்லத்தரசிகள் என்றே வரையறுக்கப்பட்டார்கள், பின்னல் ஓய்வு நேர வேலையாக எண்ணப்பட்டது, அதனால் ஏற்றுமதித் தொழில் ஒன்று சொற்பக் கூலியில் நிற்க முடிந்தது. இதை அவர் இல்லத்தரசியாக்கம் என்ற பொருள்படும் சொல்லால் குறித்தார். நம் நான்காவது வீட்டு அம்மா சொன்ன “சும்மா இருக்கற நேரம்” அப்படியே அந்தக் கருத்தின் வாய்மொழி. சோதிக்கவும் வழி உண்டு: வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டிய குழந்தையோ முதியவரோ இல்லாத குடும்பங்கள் பட்டறைக்கு நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லையென்றால் மீஸ் இங்கே தோற்கிறார்.

சரி, மீஸையே எடு என்றேன். அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, அது எனக்குப் பிடித்தது. நர்சாபூரில் பின்னியது பெண்கள், வியாபாரம் பார்த்தது ஆண்கள். இங்கே கணவனும் அதே திண்ணையில் உட்கார்ந்து ஊதுகிறான். அங்கே லேஸ் வெளிநாட்டுச் சந்தைக்குப் போயிற்று, இங்கே கொலுசு பெரும்பாலும் நம் நாட்டுப் பெண்களின் காலுக்குப் போகிறது. வீட்டோடு இருக்கும் ஆணையும் இல்லத்தரசியாக்கம் என்று சொல்வதா? அவள் கேட்டது சரியான கேள்வி. ஆய்வேட்டின் பங்களிப்பு என்று கடைசி அத்தியாயத்தில் எதை எழுதுவது என்று மாணவர்கள் தவிப்பார்களே, அது இந்த மாதிரி இடத்தில்தான் இருக்கிறது. கடன் வாங்கிய கோட்பாடு நம் தரவில் எங்கே இடிக்கிறதோ அங்கே.

நியாயப்படுத்தும் பகுதியை எழுதும்போது இன்னொரு தடுமாற்றம் வந்தது. கிரனோவெட்டரையும் மீஸையும் சேர்த்து ஒருங்கிணைந்த சட்டகம் என்று போட்டுவிடலாமா என்றாள். பல ஆய்வேடுகளில் இப்படி மூன்று பேரை ஒரு பெட்டிக்குள் போட்டு அம்புக்குறி வரைந்திருப்பார்கள். இந்த இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசவில்லை. கிரனோவெட்டருக்கு அலகு உறவு. முதலாளியும் குடும்பத் தலைவனும் எதிரெதிரே தெரிவார்கள், மனைவி குடும்பம் என்ற சொல்லுக்குள் கரைந்துவிடுவார். மீஸுக்கு அலகு உழைப்புப் பிரிவினை. அங்கே மனைவி முதலில் தெரிவார், முதலாளியின் நல்ல குணம் ஒரு பொருட்டே ஆகாது. இரண்டையும் ஒட்டினால் நான்காவது வீட்டுக்கு இரண்டு விளக்கம் கிடைக்கும், எது தப்பு என்று ஒருபோதும் தெரியாது.

ஆகவே இப்படி முடிவு செய்தோம். மீஸ் சட்டகம். உட்பொதிவு என்பது தராசு பற்றிய ஒரே அத்தியாயத்தில், எடைத் தகராறு எப்படித் தீர்கிறது என்பதற்கு மட்டும், ஒரு கருவியாக. பூர்தியூ, தரவு போதாது என்ற காரணத்துடன் ஒரு பத்தி. மாற்றுச் சட்டகங்களை மறுக்கும் பகுதி மொத்தம் நான்கு பக்கம், அதில் மூன்று பக்கம் கிரனோவெட்டருக்கு. வலுவான எதிராளிக்குத்தான் இடம் கொடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அவள் கைடு இரண்டாகக் குறைக்கச் சொன்னார், அவளும் குறைத்தாள்.

ஆய்வுக் கேள்வியையும் மாற்றினாள். குடும்பங்கள் ஏன் மாறவில்லை என்றிருந்தது, வீட்டுக் கூலி எப்படி இவ்வளவு குறைவாக நீடிக்கிறது என்று ஆனது. நேர்காணல் வினாநிரலில் கணவனிடம் மட்டும் கேட்டிருந்த பன்னிரண்டு கேள்விகளை மனைவியிடமும் தனியாகக் கேட்க வேண்டியதாயிற்று. அதற்கு அடுப்படியில் உட்கார வேண்டும், மதியம் மூன்று மணிக்கு மேல்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு மறுபடி பனங்காட்டுக்கு பஸ் ஏறினாள்.